பி.எஃப். பாஸ்புக்: மூன்றாவது பத்தியில் இருப்பது பணமல்ல

மாதச் சம்பளக்காரர்கள் பலர் பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்ததும் கடைசி வரிக்குப் போய்விடுவார்கள். மொத்தம் எவ்வளவு என்று பார்த்துவிட்டு மூடிவிடுவார்கள். அந்தக் கடைசி வரியில் ஒன்றல்ல, மூன்று தொகைகள் இருக்கின்றன. `Employee Share` என்பது தொழிலாளியின் பங்கு. `Employer Share` என்பது நிறுவனத்தின் பங்கு. மூன்றாவதாக இருப்பது `Pension Contribution`. மூன்றும் ஒரே பக்கத்தில் ஒரே மாதிரி எண்களாக அச்சாகியிருப்பதால் மூன்றையும் கூட்டி, “என் பி.எஃப். இவ்வளவு” என்று மனசுக்குள் ஒரு கணக்கு வைத்துக்கொள்கிறோம். அங்கேதான் தப்பு ஆரம்பிக்கிறது.

முதல் இரண்டு பத்திகளில் இருப்பது பணம். அதற்கு வட்டி வரும், வளரும், ஒருநாள் கைக்கு வரும். மூன்றாவது பத்தியில் இருக்கும் தொகைக்கு வட்டி இல்லை. பத்து வருஷச் சேவை முடிந்தவருக்கு அது மொத்தமாகத் திரும்பக் கிடைக்கவும் செய்யாது. முதல் இரண்டில் ரூபாயைப் பார்க்க வேண்டும். மூன்றாவதில் மாதங்களை எண்ண வேண்டும். நாற்பத்தைந்தைத் தாண்டியவர்களுக்கு இந்த வித்தியாசம் தெரிந்தே ஆகவேண்டும். ஓய்வு வயதான 58-க்குள் பிழையைத் திருத்த அவர்களுக்கு இன்னும் அவகாசம் இருக்கிறது. ஆனால் ரொம்ப இல்லை.

ஓர் ஆளை வைத்தே பார்ப்போம். கோவையில் பம்ப் உதிரிபாகம் செய்யும் நிறுவனத்தில் சூப்பர்வைசர், வயது 45 என்று வைத்துக்கொள்ளுங்கள். முப்பத்து நாலு வயதுவரை பி.எஃப். இல்லாத லேத் பட்டறையில் இருந்தவர். 2014 அக்டோபரில்தான் பி.எஃப். பிடிக்கும் ஒரு நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கே சரியாக நாலு வருஷம். சில மாத இடைவெளிக்குப் பிறகு 2019 ஜனவரியில் இப்போதைய நிறுவனத்துக்கு வந்தார். பேசிக்கும் பஞ்சப்படியும் சேர்ந்து இப்போது 24,000 ரூபாய். அவருடைய 2024-25 பாஸ்புக்கைத்தான் நாம் பிரித்துப் பார்க்கப் போகிறோம்.

மாதம் 5,760 எங்கே போகிறது?

பேசிக், பஞ்சப்படியில் 12 சதவீதம் தொழிலாளியிடம் பிடிக்கப்படுகிறது. 24,000-க்கு 2,880 ரூபாய். இது அப்படியே முதல் பத்திக்குப் போகிறது.

நிறுவனமும் அதே 12 சதவீதம், அதாவது இன்னொரு 2,880 ரூபாய் போடுகிறது. ஆனால் பாஸ்புக்கில் நிறுவனப் பங்கு என்று 1,630 மட்டும்தான் இருக்கும். “நான் 2,880 கட்டுறேன், கம்பெனி 1,630தான் கட்டுது, ஏமாத்துறாங்க” என்று மனிதவளப் பிரிவில் போய்ச் சண்டை போட்டவர்கள் எல்லா நிறுவனத்திலும் உண்டு. ஏமாற்று ஒன்றும் இல்லை. நிறுவனத்தின் பங்கிலிருந்து 8.33 சதவீதத்தைப் பிரித்து 1995-ம் வருஷத்து ஊழியர் ஓய்வூதியத் திட்டத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது சட்டம். அந்த 8.33 சதவீதத்தை முழுச் சம்பளத்துக்கும் கணக்கிடுவதில்லை. 2014 செப்டம்பர் முதல் அதற்கு உச்சவரம்பு 15,000 ரூபாய். அதன்படி மாதம் 1,250 ரூபாய் மூன்றாவது பத்திக்குப் போய்விடுகிறது. மிச்சம் 1,630 இரண்டாவது பத்தியில் நிற்கிறது. 1,630-ஐயும் 1,250-ஐயும் கூட்டிப் பாருங்கள், 2,880 வந்துவிடும்.

உங்கள் பாஸ்புக்கில் நிறுவனப் பங்கு மாதாமாதம் 550 என்றே வருகிறதா? அப்படியானால் உங்கள் நிறுவனம் முழுச் சம்பளத்துக்குக் கட்டாமல் 15,000 ரூபாய் உச்சவரம்புக்கு மட்டும் கட்டுகிறது என்று அர்த்தம். 15,000-க்கு 12 சதவீதம் 1,800. அதில் 1,250 போனால் மிச்சம் 550. சட்டப்படி இதற்கு இடமிருக்கிறது. ஆனால் சம்பளம் உயர்ந்தாலும் நிறுவனத்தின் பங்கு உயராது. வேறு வேலைக்கு மாறும்போது பேரம் பேச வேண்டிய விஷயம் இது.

முதல் இரண்டு பத்திகளையும் பொறுத்தவரை உரிமைக் கேள்வியே எழுவதில்லை. நிறுவனம் கட்டிய பங்கும் கட்டிய நாளிலிருந்தே தொழிலாளியுடையதுதான். மூணு வருஷத்துக்குள் வேலையை விட்டால் நிறுவனப் பங்கைப் பிடித்துக்கொள்வோம் என்று பி.எஃப்.பில் யாரும் சொல்ல முடியாது. தனியார் நிறுவனங்கள் சில தனியாக நடத்தும் ‘சூப்பர் ஆன்யுவேஷன்’ நிதிகளில் இத்தனை வருஷம் இருந்தால்தான் நிறுவனப் பணம் உனக்கு என்ற நிபந்தனை இருக்கலாம். பி.எஃப். பணத்துக்கு அப்படி ஒன்று கிடையாது. ஐந்து வருஷத்துக்குள் எடுத்தால் வருமான வரி பிடிக்கலாம். அது வேறு சங்கதி.

வட்டி ஏன் குறைகிற மாதிரித் தெரிகிறது?

2024-25-க்கு அறிவிக்கப்பட்ட வட்டி 8.25 சதவீதம். அதற்கு முந்தைய வருஷமும் அதேதான். 2022-23-ல் 8.15, 2021-22-ல் 8.10. இந்த விகிதத்தைப் பங்குச் சந்தை தினமும் தீர்மானிப்பதில்லை. திரண்ட நிதியில் பெரும்பகுதி அரசுப் பத்திரங்களிலும் கடன் பத்திரங்களிலும் இருக்கிறது. 2015 முதல் ஒரு சிறு பங்கு பங்குச்சந்தைக் குறியீட்டு நிதிகளுக்கும் போகிறது. வருஷக் கடைசியில் வருமானத்தைப் பார்த்து பி.எஃப். அறங்காவலர் குழு ஒரு விகிதத்தைப் பரிந்துரைக்கும், நிதி அமைச்சகம் ஒப்புதல் தரும், அதன் பிறகுதான் கணக்கில் ஏறும். அதனால் மார்ச் 31-ம் தேதியிட்ட வட்டி பல மாதம் கழித்துத்தான் பாஸ்புக்கில் தெரியும். தாமதமாக ஏறினாலும் மார்ச் 31 என்ற தேதியில்தான் வரவாகும். அதனால் நஷ்டம் இல்லை.

நம் சூப்பர்வைசரின் கணக்குக்கு வருவோம். 2024 ஏப்ரல் தொடக்கத்தில் முதல் பத்தியில் 1,80,000, இரண்டாவதில் 80,000, ஆக 2,60,000 ரூபாய் இருந்தது. வருஷம் முழுக்க மாதம் 4,510 வீதம் 54,120 ரூபாய் சேர்ந்தது. அவர் மொபைல் கால்குலேட்டரில் இரண்டையும் கூட்டி 8.25 சதவீதம் போட்டார், 25,915 வந்தது. பாஸ்புக்கில் ஏறியிருப்பதோ சுமார் 23,496. இரண்டாயிரத்து நானூறு ரூபாய் எங்கே போயிற்று?

எங்கும் போகவில்லை. வட்டி மாத இருப்பின் மேல் கணக்கிடப்படுகிறது. மார்ச் மாதச் சம்பளத்துக்கான பிடித்தம் ஏப்ரலில் கட்டப்படும். அதற்கு வட்டி மே முதல்தான் ஓடும். அந்த வருஷத்தில் 11 மாத வட்டி. அடுத்த மாதம் கட்டியதற்கு 10 மாத வட்டி. இப்படியே குறைந்துகொண்டு வந்து, கடைசியாக மார்ச்சில் கட்டியதற்கு அந்த வருஷத்தில் வட்டியே இல்லை. 11, 10, 9 என்று பூஜ்யம் வரை கூட்டினால் 66. ஒரு மாதப் பங்களிப்பை 66-ஆல் பெருக்கி, அதற்கு ஒரு மாத வட்டியைப் போட்டால் புதிதாகச் சேர்ந்த பணத்துக்கான வட்டி கிடைத்துவிடும்:

```
பழைய இருப்பு : 2,60,000 × 8.25 ÷ 100      = 21,450
புதிய பணம்   : 4,510 × 66 × 8.25 ÷ 1200   =  2,046
மொத்த வட்டி                               = 23,496
```

வருஷத்துக்குள் சம்பளம் உயர்ந்திருந்தால் 66 என்ற குறுக்குவழி கொஞ்சம் பிசகும். மற்றபடி சில ரூபாய்க்குள் ஒத்துப்போகும். நூறு, இருநூறுக்கு மேல் வித்தியாசம் வந்தால் ஏதோ ஒரு மாதம் பணம் தாமதமாகக் கட்டப்பட்டிருக்கிறது அல்லது கட்டப்படவே இல்லை என்று சந்தேகிக்கலாம். பழைய இருப்பு முழு வருஷ வட்டி பெறுவதால், கணக்கு வயதாக ஆக வட்டியின் பங்குதான் பெரிதாகும். இந்த வருஷம் அவர் கணக்கில் வட்டியைப் போல இரு மடங்குக்கும் மேல் பங்களிப்பு இருக்கிறது. இன்னும் சில வருஷங்களில் வட்டி பங்களிப்பைத் தாண்டிவிடும்.

பென்ஷன் பத்தி

மூன்றாவது பத்தியில் அவருக்கு இதுவரை ஏறியிருப்பது சுமார் 92,000 ரூபாய். மகள் கல்லூரியில் சேரும் வருஷம். கணக்குப் பிரிவில் முப்பது வருஷமாக இருக்கும் பெரியவரிடம் இப்படிப்பட்ட ஒருவர் கேட்டால் பேச்சு இப்படித்தான் போகும்:

“ஏனுங்கண்ணா, பென்ஷன்ல தொண்ணூத்திரண்டாயிரம் கிடக்குதுங்க. காலேஜ் பீஸுக்கு எடுத்துக்கலாமுங்களா?”

“அது பணமாக் கிடக்கலை தம்பி. நீ எத்தனை மாசம் வேலை பாத்தேங்கறதுக்கு ரசீது அது.”

“அப்ப அதுக்கு வட்டி?”

“ரசீதுக்கு ஏதுப்பா வட்டி?”

பெரியவர் சொன்னது சரி. மாதம் 1,250 எல்லோருடைய பணத்தோடும் சேர்ந்து ஒரு பொது நிதிக்குப் போகிறது. மத்திய அரசும் 1.16 சதவீதம் அந்த நிதியில் போடுகிறது. அதிலிருந்து யாருக்கு எவ்வளவு ஓய்வூதியம் என்பதை அவரவர் கட்டிய தொகை தீர்மானிப்பதில்லை. சூத்திரம் எளிமையானது: கடைசி 60 மாதச் சராசரிச் சம்பளத்தைச் சேவை வருஷங்களால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். சராசரிச் சம்பளத்துக்கும் அதே 15,000தான் உச்சவரம்பு. 24,000 வாங்கினாலும் 60,000 வாங்கினாலும், இந்த உச்சவரம்பில் கட்டுகிறவருக்குச் சூத்திரத்தில் 15,000தான். ஆகவே நம் சூப்பர்வைசரைப் போன்றவர்களுக்கு மாறக்கூடியது சேவை வருஷம் ஒன்றுதான்.

பத்து வருஷம் என்ற கோடு

முதல் இரண்டு பத்திகளில் இல்லாத நிபந்தனை இங்கே இருக்கிறது. மாத ஓய்வூதியம் கிடைக்கப் பத்து வருஷச் சேவை வேண்டும். ஆறு மாதமும் அதற்கு மேலும் ஒரு வருஷமாக எண்ணப்படும் என்பதால் ஒன்பதரை வருஷம் இருந்தாலும் பத்தாகக் கொள்வார்கள். அந்தக் கோட்டைத் தொட்டவருக்கு 58 வயதில் ஓய்வூதியம் உறுதி. வேலையை விட்டு விலகியிருந்தாலும் உறுதி. 50 வயதுக்குப் பிறகு முன்கூட்டியும் கேட்டு வாங்கலாம். ஆனால் 58-க்குக் குறையும் ஒவ்வொரு வருஷத்துக்கும் 4 சதவீதம் வெட்டு விழும்.

பத்தைத் தொடாதவருக்கு மாத ஓய்வூதியம் இல்லை. அவர் வேலையை விட்டால் இரண்டு வழி. ஒன்று, படிவம் 10சி போட்டு மொத்தமாக ஒரு தொகையை வாங்கிக்கொள்வது. அந்தத் தொகையும் மூன்றாவது பத்தியைப் பார்த்துக் கொடுக்கப்படுவதல்ல. கடைசிச் சம்பளத்தையும் சேவைக் காலத்தையும் வைத்த ஓர் அட்டவணைப்படி, சேவை செய்த ஒவ்வொரு வருஷத்துக்கும் ஏறக்குறைய ஒரு மாதச் சம்பளம் என்ற அளவில் கிடைக்கும். சம்பளத்துக்கு இங்கேயும் உச்சவரம்பு உண்டு. இரண்டாவது வழி, பணத்தை வாங்காமல் சேவைச் சான்றிதழ் வாங்கி வைத்துக்கொண்டு அடுத்த வேலையில் அந்த வருஷங்களைச் சேர்த்துக்கொள்வது. பணமாக வாங்கிவிட்டால் அந்த வருஷங்கள் கணக்கிலிருந்து போய்விடும். இன்னொரு சிக்கலும் உண்டு. அப்படி வாங்கியவர் அடுத்து 15,000-க்கு மேற்பட்ட சம்பளத்தில் சேர்ந்தால் ஓய்வூதியத் திட்டத்தில் சேரவே முடியாது. 2014 செப்டம்பரில் வந்த விதி அது. அவர் பாஸ்புக்கின் மூன்றாவது பத்தி காலியாகவே இருக்கும். 1,250 ரூபாய் இரண்டாவது பத்தியில் சேரும், ஓய்வூதியம்தான் இருக்காது. வேலை போனதும் இரண்டு மாதத்தில் இந்தத் தொகையை எடுத்துவிடும் பழக்கம் பலருக்கு இருந்தது. அந்தக் காத்திருப்பை 36 மாதமாக நீட்ட 2025 அக்டோபரில் அறங்காவலர் குழு முடிவெடுத்தது.

நம் ஆள் 10சி போடவில்லை. முதல் நிறுவனத்தின் கணக்கை அப்படியே விட்டுவிட்டு வந்தார். புது நிறுவனத்தில் 2025 மார்ச் வரை அவர் சேவை 6 வருஷம் 3 மாதம். பழைய நாலு வருஷத்தையும் சேர்த்தால் 10 வருஷம் 3 மாதம். ஒரே மனிதர், பழைய கணக்கைச் சேர்த்தால் கோட்டுக்கு இந்தப் பக்கம், சேர்க்காவிட்டால் அந்தப் பக்கம். நாளைக்கே நிறுவனம் மூடி, இனி பி.எஃப். வேலையே கிடைக்காமல் போனாலும், சேர்த்திருந்தால் 58 வயதில் மாதம் 2,143 ரூபாய் வரும்: 15,000-ஐ 10-ஆல் பெருக்கி 70-ஆல் வகுத்தது. சேர்க்காவிட்டால் ஒரு தடவை கிடைக்கும் தொகையோடு முடிந்தது.

அவர் இதே வேலையில் 58 வரை, அதாவது 2038 மார்ச் வரை நீடித்தால் வித்தியாசம் இன்னும் விரியும். புது நிறுவனச் சேவை மட்டும் 19 வருஷம் 3 மாதம், கணக்கில் 19. ஓய்வூதியம் 4,071. பழையதைச் சேர்த்தால் 23 வருஷம். இருபது வருஷம் முடித்து 58-ல் ஓய்வு பெறுபவருக்கு இரண்டு வருஷம் கூடுதலாகச் சேர்த்துக் கணக்கிடும் சலுகை இருக்கிறது, ஆக 25. ஓய்வூதியம் 5,357. நாலு வருஷத்தை விட்டதால் ஆறு வருஷம் போகிறது. மாதம் 1,286 ரூபாய்.

குடும்பத்துக்கான பாதுகாப்புக்கு மட்டும் இந்தப் பத்து வருஷக் கோடு பொருந்தாது. வேலையில் இருக்கும்போதே ஒருவர் இறந்துவிட்டால், ஒரு மாதப் பங்களிப்பு செலுத்தியிருந்தாலே மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் ஓய்வூதியம் உண்டு.

பழைய கணக்கைச் சேர்க்கும் வழி

உறுப்பினர் இணையதளத்தில் உங்கள் யு.ஏ.என். எண்ணில் நுழைந்து `View` என்ற தலைப்பின் கீழ் `Service History` என்பதைத் திறங்கள். நீங்கள் வேலை பார்த்த எல்லா நிறுவனங்களும் சேர்ந்த தேதி, விலகிய தேதியோடு அங்கே இருக்க வேண்டும். பாஸ்புக்கைப் பார்க்கும் எல்லோரும் இந்தப் பக்கத்தைப் பார்ப்பதில்லை. மூன்றாவது பத்திக்கு இதுதான் உண்மையான அறிக்கை.

நம் சூப்பர்வைசர் திறந்தபோது முதல் நிறுவனத்தின் பெயருக்கு எதிரே விலகிய தேதி காலியாக இருந்தது. பெரும்பாலான சிக்கல்களுக்கு வேர் இதுதான். விலகிய தேதி இல்லாமல் மாற்றல் விண்ணப்பம் நகராது. பழைய முதலாளியைத் தேடிப் போக வேண்டியதில்லை. கடைசிப் பங்களிப்பு செலுத்தி இரண்டு மாதம் கடந்திருந்தால் `Manage` என்பதன் கீழ் `Mark Exit` வழியாகத் தாமே பதியலாம். ஆனால் தேதியைக் கவனமாகப் போட வேண்டும். பழைய நிறுவனத்தில் விலகிய தேதி புது நிறுவனத்தில் சேர்ந்த தேதிக்குப் பிந்தியதாக இருந்தால், ஒரே காலத்தில் இரண்டு வேலை பார்த்ததாகக் காட்டி விண்ணப்பம் தாமதமாகக்கூடும். அதன் பிறகு `One Member - One EPF Account` என்ற பக்கத்தில் மாற்றல் விண்ணப்பம் போட வேண்டியதுதான். பெயர், பிறந்த தேதி இரண்டும் ஆதாரில் உள்ளபடியே இருக்க வேண்டும். எழுத்து ஒன்று மாறினாலும் முதலில் கூட்டு உறுதிமொழி கொடுத்துத் திருத்த வேண்டும்.

மாற்றல் முடிந்ததும் ஒரு பயம் வரும். பழைய தொழிலாளி பங்கும் நிறுவனப் பங்கும் புதுப் பாஸ்புக்கில் ஏறியிருக்கும். ஓய்வூதியப் பத்தியில் மட்டும் பூஜ்யம் நிற்கும். பணம் காணாமல் போய்விட்டது என்று புகார் எழுத ஆரம்பிப்பார்கள். அது சரிதான், அப்படித்தான் இருக்கும். ஓய்வூதியத் திட்டத்தில் மாற்றலாகிப் போவது சேவைக் காலம்தான், தொகை அல்ல. சேவைப் பக்கத்தில் பழைய நாலு வருஷம் வந்துவிட்டதா என்று பாருங்கள்; வந்திருந்தால் வேலை முடிந்தது.

மாதாமாதம் பார்க்க வேண்டியது

பிடித்தத்தை நிறுவனம் அடுத்த மாதம் 15-ம் தேதிக்குள் கட்ட வேண்டும். சம்பளச் சீட்டில் 2,880 பிடித்திருக்கும், பாஸ்புக்கில் அந்த மாதமே இருக்காது; தடுமாறும் நிறுவனங்களில் இது நடக்கும். ஒரு மாதம் விட்டுப்போனால் வட்டியும் நிற்கும், சேவை மாதத்துக்கும் சான்று இருக்காது. தாமதமாகக் கட்டும் நிறுவனம் வருஷத்துக்கு 12 சதவீத வட்டியும் அதற்கு மேல் அபராதமும் பி.எஃப். அலுவலகத்துக்குச் செலுத்த நேரிடும். சம்பளச் சீட்டுகளைச் சேர்த்து வைத்திருப்பவரின் புகாருக்குத்தான் பலம். கிழித்தெறியாமல் வருஷவாரியாகக் கோர்த்து வையுங்கள்.

சம்பளமில்லா விடுப்பும் சேவைக் காலத்தைத் தின்னும். அந்த நாட்கள் `NCP Days` என்று சேவைப் பக்கத்தில் கழிக்கப்படும். ஒன்பதரை வருஷத்துக்கு அருகில் இருப்பவருக்கு இந்தச் சில நாட்களே கோட்டைத் தாண்டவிடாமல் செய்துவிடலாம். நீங்கள் எடுக்காத விடுப்பு அங்கே பதிவாகியிருந்தால் உடனே நிறுவனத்திடம் திருத்தச் சொல்லுங்கள். பத்து வருஷம் கழித்து அந்த வருகைப் பதிவேட்டை யாரும் தேடி எடுக்க முடியாது.

இணையம் வேண்டாம் என்பவர்கள் பதிவு செய்த மொபைலிலிருந்து 7738299899 என்ற எண்ணுக்கு `EPFOHO UAN TAM` என்று குறுஞ்செய்தி அனுப்பினால் இருப்பு தமிழில் வரும். அதில் கடைசிப் பங்களிப்பு எந்த மாதத்துக்கு என்று பாருங்கள். நிறுவனம் ஒழுங்காகக் கட்டுகிறதா என்பது தெரிந்துவிடும். சேவைக் கணக்கு மட்டும் அதில் தெரியாது.

5,357 போதுமா?

சேவையையெல்லாம் சேர்த்து, ஒரு மாதமும் விட்டுப்போகாமல் 58-ஐ எட்டினாலும் மாதம் 5,357 ரூபாய்தான். இந்த ஓய்வூதியத்துக்குப் பஞ்சப்படி உயர்வு கிடையாது. 2038-ல் தொடங்கும் தொகை 2048-லும் தானாக ஏறிவிடாது. அரசு ஊழியர் ஓய்வூதியத்தோடு இதை ஒப்பிட்டு நிம்மதி அடைந்துவிடக் கூடாது. முதுமைச் செலவைப் பெரும்பாலும் சுமக்கப் போவது முதல் இரண்டு பத்திகள்தான்.

அதனால் கல்லூரிக் கட்டணத்துக்கு வேறு வழியே இல்லையென்றால் அங்கிருந்துதான் எடுக்க முடியும். பிள்ளைகள் படிப்புக்குப் பகுதித் தொகை எடுக்க விதி அனுமதிக்கிறது. எடுக்கும் முன் ஒரு கணக்கு போட்டுக்கொள்ளலாம். 45 வயதில் எடுக்கும் ஒரு லட்சம், இதே 8.25 சதவீதம் நீடித்தால், 58 வயதில் சுமார் 2,80,000 ரூபாயாக நின்றிருக்கும். வங்கிக் கல்விக் கடனுக்கு என்ன வட்டி, எத்தனை வருஷத்தில் அடைக்க முடியும், மகள் வேலைக்குப் போனபின் தவணையில் எவ்வளவு ஏற்க முடியும் என்று பார்த்துவிட்டு, அந்த 2,80,000-ஐப் பக்கத்தில் வைத்து முடிவெடுக்க வேண்டும். எந்தப் பக்கம் முடிவு போனாலும், ‘ஓய்வூதியத்தில் 92,000 கிடக்கிறதே’ என்பதை அந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது.